படம் ஏன் திரும்பி வந்தது?

மகளுக்கு வரன் தேடி மேட்ரிமோனி தளத்தில் பதிவு செய்த குடும்பத்துக்கு, மறுநாள் வரும் முதல் செய்தி பல நேரம் வரனைப் பற்றியதாக இருப்பதில்லை. ‘நீங்கள் ஏற்றிய படம் ஏற்கப்படவில்லை’ என்றோ, ‘உங்களைப் பற்றிய குறிப்பைத் திருத்தி அனுப்பவும்’ என்றோ ஒரு குறுஞ்செய்தி வருகிறது. கீழே காரணமும் இருக்கும்: தொடர்பு விவரம் இடம்பெற்றுள்ளது, அல்லது தகவல் பொருந்தவில்லை. “என் பொண்ணு, என் போன் நம்பர். அதை நான் போடறதுல இவங்களுக்கு என்ன நஷ்டம்?” என்று அப்பா கேட்பார். நியாயமான கேள்விதான். அதற்கான பதில் இரண்டு பங்கு. ஒன்று தளத்தின் வருமானம் பற்றியது, மற்றது அந்தப் பெண்ணின் பாதுகாப்பு பற்றியது. இதைவிட முக்கியமான சங்கதி ஒன்று இருக்கிறது. தளம் எதைத் தடுக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால், எதைத் தடுக்க அதனால் முடியாது என்பதும் விளங்கிவிடும். அந்த இரண்டாவது பட்டியலில்தான் கல்யாணத்தையே குலைக்கக்கூடிய பொய்கள் இருக்கின்றன.

முதலில் படத்தைப் பார்ப்போம். வரன் தளங்களின் பட விதிகள் சொல்லில் மாறினாலும் பொருளில் கிட்டத்தட்ட ஒன்றே. பதிவுக்கு உரியவரின் முகம் தெளிவாகத் தெரிய வேண்டும், படத்தில் அவர் மட்டும் இருக்க வேண்டும், படத்தின் மேல் எழுத்தோ எண்ணோ இருக்கக் கூடாது. கறுப்புக் கண்ணாடி, மங்கல், குழந்தைப் பருவப் படம், நடிகர் நடிகையரின் படம் எல்லாம் திரும்பி வந்துவிடும். இவற்றை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தமிழ்க் குடும்பங்களைத் தடுக்கி விழவைப்பவை வேறு.

ஊரில் நல்ல ஸ்டுடியோவில் பட்டுப்புடவை கட்டி எடுத்த படம்தான் வீட்டில் எல்லோருக்கும் பிடித்த படம். அதன் மூலையில் ஸ்டுடியோவின் பெயரும் அதன் செல்போன் எண்ணும் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். வீட்டாரின் கண்ணுக்கு அது தெரிவதே இல்லை. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்துப் படிக்கும் மென்பொருளுக்கு அதுதான் முதலில் தெரியும். அந்த எண் பெண் வீட்டாருடையதா, ஸ்டுடியோக்காரருடையதா என்று அதற்குத் தெரியாது. பத்து இலக்க எண் இருக்கிறது, படம் கூடாது, அவ்வளவுதான். கடைவாசலில் நின்று எடுத்த படத்தில் பின்னால் பெயர்ப்பலகை தெரிந்தாலும் இதே கதிதான். தீர்வு எளிது. மூலையை வெட்டிவிட்டு ஏற்றலாம், அல்லது எழுத்து போடாத பிரதியை ஸ்டுடியோவில் கேட்டு வாங்கலாம்.

அடுத்தது ஜாதகம். படம் ஏற்றச் சொல்லும் இடத்தில் ஜாதகக் கட்டத்தைப் படம் பிடித்துப் போடும் பெற்றோர் உண்டு. தரகர் தயாரித்துக் கொடுத்த ஒருபக்க விவரத்தாளை அப்படியே ஏற்றுபவர்களும் உண்டு. முகம் இல்லாததால் ஒரு குற்றம், தாளின் அடியில் ஜோதிடர் அல்லது தரகரின் எண் இருப்பதால் இன்னொரு குற்றம். ஜாதகத்துக்கென்று பெரும்பாலான தளங்களில் தனி இடம் இருக்கிறது. அங்கே ஏற்றினால் சிக்கல் இல்லை. அங்கும் அடியில் உள்ள எண்ணை மறைத்துவிட்டு ஏற்றுவதே நல்லது.

மகளின் படத்தை முகம் தெரியாத ஆயிரம் பேர் பார்ப்பார்களே என்று அஞ்சி லட்சுமி படத்தையோ ரோஜாப்பூவையோ ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த அச்சம் தப்பில்லை. ஆனால் பூவின் படம் ஏற்கப்படாது. படமே இல்லாத பதிவையோ பலரும் கடந்து போய்விடுவார்கள். படத்தை ஏற்றிவிட்டு, விருப்பத்தை நாம் ஏற்றுக்கொண்டவர்களுக்கு மட்டும் தெரியும்படி பூட்டி வைக்கும் வசதி பல தளங்களில் உண்டு. பதிவு செய்யும்போது அந்த அமைப்பைத் தேடிப் பார்க்காமல் விடுவதால்தான் லட்சுமியிடம் போக நேர்கிறது.

இனி எழுத்துக்கு வருவோம். ஒரு தந்தை தன் மகளுக்காக இப்படி எழுதி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளலாம்:

“எங்கள் மகள் பி.இ. முடித்து சென்னையில் பெரிய ஐ.டி. கம்பெனியில் வேலை. சம்பளம் 12 லட்சம். பிறந்தது 04071996 காலை 0945. சொந்த வீடு உண்டு. நல்ல குடும்பம். மேலும் விவரங்களுக்கு அப்பாவை அழைக்கவும், ஒன்பது நான்கு நான்கு…” என்று மீதி இலக்கங்களும் எழுத்திலேயே தொடர்கின்றன.

எண்ணாக எழுதினால் பிடித்துவிடுவார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டு, எழுத்தால் எழுதியிருக்கிறார். இந்த உத்தி புதிதல்ல. இலக்கங்களுக்கு நடுவே புள்ளி வைப்பது, சுழியத்துக்குப் பதில் ஆங்கில ‘ஓ’ போடுவது, மின்னஞ்சல் முகவரியில் ‘அட்’, ‘டாட்’ என்று எழுதுவது, இன்ஸ்டா பெயரைக் குறிப்பிடுவது, பெயருக்கான கட்டத்திலேயே எண்ணைச் செருகுவது எல்லாவற்றையும் இத்தளங்கள் பல ஆண்டுகளாகப் பார்த்து வந்திருக்கின்றன. இந்தியச் செல்போன் எண் ஆறு முதல் ஒன்பதுக்குள் ஓர் இலக்கத்தில் தொடங்கி மொத்தம் பத்து இலக்கம் கொண்டது. இந்த வடிவத்தை இடைவெளி, புள்ளி, எழுத்து ஆகியவற்றை நீக்கிவிட்டுத் தேடுவது மென்பொருளுக்குச் சின்ன வேலை. அது தப்பவிடுவதைப் பிறகு மனிதர் ஒருவர் படித்துப் பார்த்துப் பிடிக்கிறார். ஒரு முறை போட்டால் அந்தக் குறிப்பு மட்டும் திரும்பி வரும். மறைத்து மறைத்துத் திரும்பத் திரும்பப் போட்டால் பதிவையே முடக்கிவைக்கும் தளங்கள் உண்டு.

சில சமயம் தப்பே செய்யாதவரும் மாட்டிக்கொள்கிறார். மேலே உள்ள குறிப்பில் பிறந்த தேதியையும் நேரத்தையும் பாருங்கள். எட்டு இலக்கம், பக்கத்திலேயே நான்கு இலக்கம். இடையில் இருக்கும் ‘காலை’ என்ற சொல்லை நீக்கிவிட்டால் பன்னிரண்டு இலக்கத் தொடர் ஒன்று கிடைக்கிறது. நாட்டுக் குறியீடு 91 சேர்ந்த செல்போன் எண்ணும் பன்னிரண்டு இலக்கம்தான். கண்டிப்பான வடிகட்டி இரண்டுக்கும் வேறுபாடு பார்க்காமல் தடுத்துவிடலாம். பின்கோடு, பெயரில் ‘டாட்காம்’ என்று முடியும் நிறுவனத்தில் வேலை போன்றவையும் இப்படி வீணாகச் சிக்கிக்கொள்ளும். பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றுக்கும் தனித்தனிக் கட்டங்கள் இருப்பதால், குறிப்பில் அவற்றைத் திரும்ப எழுதத் தேவையே இல்லை.

இப்போது அந்தத் தந்தையின் கேள்விக்கு வருவோம். எண்ணைப் போட்டால் யாருக்கு நஷ்டம்? ஒளிக்காமல் சொன்னால், முதலில் தளத்துக்கு. பதிவு செய்வது இலவசம், வரனின் தொலைபேசி எண்ணைப் பார்ப்பதற்குக் கட்டணம் என்பதே பல தளங்களின் வியாபார முறை. எண்ணைக் குறிப்பில் எழுதிவிட்டால், விற்க வேண்டிய பொருளை அவர்கள் கடையிலேயே இலவசமாகக் கொடுத்தது போலாகிவிடும். அதை அவர்கள் தடுப்பது சுயநலம்தான்.

ஆனால் நஷ்டம் அதோடு நிற்பதில்லை. கட்டணப் பூட்டு இருக்கும்வரை யார் எண்ணைப் பார்த்தார் என்பதற்குத் தளத்தில் ஒரு பதிவு இருக்கும். பிறகு தொல்லை என்றால் அந்தக் கணக்கைச் சுட்டிக்காட்டிப் புகார் செய்யலாம். குறிப்பில் வெளிப்படையாக எழுதிய எண்ணை யார் எடுத்துச் சென்றார் என்று கண்டுபிடிக்க வழியில்லை. எண்ணோடு பெண்ணின் வயது, படம், வேலை, சம்பளம், ஊர் எல்லாம் ஒரே பக்கத்தில் கிடைக்கின்றன. தரகர்கள் அள்ளிக்கொண்டு போவது அதில் சிறிய தொல்லை. வெளிநாட்டு மாப்பிள்ளை என்று பேசி, பரிசுப் பார்சல் அனுப்பியிருக்கிறேன், சுங்கத்தில் மாட்டிக்கொண்டது, வரி கட்டினால் விடுவிப்பார்கள் என்று பணம் பறிக்கும் கும்பல்களுக்கு அந்தப் பக்கம் ஆயத்தமான இலக்கு. அவர்கள் பேச்சைத் தொடங்கிய உடனே செய்யும் முதல் வேலை, தளத்தைவிட்டு வாட்ஸ்அப்புக்கு வரச் சொல்வதுதான். எண் ஏற்கெனவே குறிப்பில் இருந்தால் அந்தச் சிரமம்கூட அவர்களுக்கு இல்லை. இத்தகைய மோசடியில் பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணை எவ்வளவு விரைவாக அழைக்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

அந்தத் தந்தையின் குறிப்பை விதிக்கு உட்பட்டு எப்படித் திருத்தலாம்? எண்ணும் பிறந்த விவரமும் போய்விடும். ‘பெரிய கம்பெனி’, ‘நல்ல குடும்பம்’ ஆகியவை யாரும் தடுக்காத சொற்கள், ஆனால் எதுவும் சொல்லாத சொற்கள். அந்த இடத்தில் உண்மையான செய்திகளை வைக்கலாம்: “எங்கள் மகள் பி.இ. கணினி அறிவியல். சென்னையில் மென்பொருள் சோதனைப் பிரிவில் ஆறு ஆண்டுகளாக வேலை. ஆண்டுச் சம்பளம் பிடித்தங்களுக்கு முன் 12 லட்சம். அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர், அம்மா இல்லத்தரசி, தம்பி படிக்கிறான். திருமணத்துக்குப் பிறகும் வேலையைத் தொடர விரும்புகிறாள். விருப்பம் தெரிவித்தால் பெற்றோரே பேசுவோம்.” கடைசி வரி எண்ணின் வேலையைச் செய்துவிடுகிறது. அழைக்க வேண்டியவர் யார் என்று தெரிகிறது, ஆனால் எண் பூட்டுக்குள் இருக்கிறது.

தப்பே இல்லாமல் திரும்பத் திரும்ப மறுக்கப்பட்டால் வாடிக்கையாளர் சேவையோடு நின்றுவிட வேண்டியதில்லை. 2021-இல் மத்திய அரசு அறிவித்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, இத்தகைய தளங்கள் குறைதீர் அலுவலர் ஒருவரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும். புகார் வந்தால் 24 மணி நேரத்துக்குள் அதைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும். தளத்தின் அடிப்பகுதியில் சிறிய எழுத்தில் அந்தப் பெயர் இருக்கும். மறுப்புச் செய்தியின் ஸ்கிரீன்ஷாட்டையும், அனுப்பிய குறிப்பின் நகலையும் இணைத்து எழுதினால் பதில் பெரும்பாலும் தெளிவாக வரும். யாராவது நம் மகளின் படத்தைத் திருடிப் போலிப் பதிவு தொடங்கியிருந்தாலும் இதே அலுவலரிடம்தான் முறையிட வேண்டும்.

இதுவரை சொன்னவை எல்லாம் தளத்தால் பார்க்க முடிந்த குற்றங்கள். எண் கண்ணுக்குத் தெரியும், முகம் தெரியும். பொய் அப்படித் தெரிவதில்லை.

தவறான தகவல் என்று ஒரு பதிவு மறுக்கப்படும்போது, தளம் ஏதோ விசாரணை நடத்திக் கண்டுபிடித்ததாக எண்ணத் தோன்றும். பெரும்பாலும் நடப்பது அதுவல்ல. பதிவின் ஒரு கட்டம் இன்னொரு கட்டத்தோடு மோதுகிறது, அவ்வளவுதான். வயது 27 என்று இருக்கிறது; பட்டம் பெற்ற ஆண்டு 2009 என்று குறிப்பில் இருக்கிறது. ‘திருமணமாகாதவர்’ என்று தேர்ந்தெடுத்துவிட்டு, குறிப்பில் ‘முதல் மணம் சில மாதத்தில் முறிந்தது’ என்று எழுதியிருக்கிறார். இவை மாட்டிக்கொள்ளும். ஏனென்றால் எழுதியவரே காட்டிக்கொடுத்துவிட்டார். முறிந்த மணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாமல் ‘திருமணமாகாதவர்’ என்று மட்டும் குறித்திருந்தால், அந்தப் பதிவு சிக்கலின்றி ஏற்கப்பட்டிருக்கும். பாதி உண்மை சொன்னவர் தடுக்கப்படுகிறார், முழுதும் மறைத்தவர் உள்ளே போகிறார். இந்த முறையின் மிகப் பெரிய ஓட்டை இதுதான். பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் இருவரும் இதை அறிந்திருக்க வேண்டும்.

தளங்கள் தரும் சரிபார்ப்புக் குறிகளும் இந்த ஓட்டையை அடைப்பதில்லை. செல்போன் சரிபார்க்கப்பட்டது என்றால், ஓ.டி.பி. வந்த நேரத்தில் அந்தப் போன் அவர் கையில் இருந்தது என்று மட்டுமே பொருள். அடையாள அட்டை சரிபார்க்கப்பட்டது என்றால் பெயர், பிறந்த தேதி, படம் ஒத்துப்போயின என்று பொருள். ஆதார் அட்டையில் பெயர், பிறந்த தேதி, பாலினம், முகவரி, படம் இருக்கின்றன. திருமணமானவரா இல்லையா என்ற விவரம் அதில் கிடையாது. சம்பளமும் கிடையாது, வேலையும் கிடையாது. வரன் தளங்களுக்கென 2016 ஜூன் மாதம் மத்திய அரசு வெளியிட்ட அறிவுரை, பயனர்களின் அடையாளத்தை உறுதிசெய்யவும், அவர்கள் பதிவு செய்த கணினியின் ஐ.பி. முகவரியைக் குறித்துவைக்கவும் சொன்னது. மோசடி நடந்த பிறகு ஆளைத் தேட இது உதவும். ஒருவர் எழுதிய வாழ்க்கை விவரம் உண்மையா என்று பார்ப்பது அதனால் ஆகாது.

வழக்கமாக வரும் மிகைகளைப் பார்த்தால், பச்சைப் பொய்யைவிட நீட்டிச் சொன்ன உண்மைதான் அதிகம். அரசு அலுவலகத்தில் தொகுப்பூதியத்தில் வேலை பார்ப்பவர் ‘அரசு வேலை’ என்று போடுகிறார். அதைப் படிக்கும் பெண் வீட்டார் நிரந்தரப் பணியை நினைத்துக்கொள்கிறார்கள். எச்-1பி விசாவில் இருப்பவர் ‘அமெரிக்காவில் செட்டில்’ என்று போடுகிறார். அந்த விசா ஒரு முறைக்கு மூன்று ஆண்டு, பொதுவாக மொத்தம் ஆறு ஆண்டு. கிரீன் கார்டுக்கான வேலைகள் நடந்துகொண்டிருந்தால்தான் அதற்கு மேல் நீளும். நிறுவனம் சொல்லும் மொத்தத் தொகையைச் சம்பளம் என்று போடுகிறார்கள். அதில் நிறுவனம் செலுத்தும் வருங்கால வைப்பு நிதியும், கிடைத்தால் உண்டு என்ற ஊக்கத்தொகையும் சேர்ந்திருக்கும். 12 லட்சம் என்றால் மாதம் ஒரு லட்சம் கைக்கு வரும் என்று கணக்குப் போடுவது தவறாகிவிடும். இவற்றை எந்த வடிகட்டியும் நிறுத்தாது. ஃபார்ம் 16, நியமன ஆணை, விசாவின் பக்கம் ஆகியவற்றைப் பார்த்தால் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். நிச்சயதார்த்தத்துக்கு முன் இவற்றைக் கேட்பதை இப்போது பல குடும்பங்கள் அவமரியாதையாக எடுத்துக்கொள்வதில்லை.

மணநிலை இவற்றோடு சேர்த்து எண்ணக்கூடியது அல்ல. ‘பேருக்குத்தான் கல்யாணம், பத்து நாள்கூட சேர்ந்து இருக்கலை. அதைப் போய் எதுக்குப் போடணும்?’ என்று உறவினர் யாராவது சொல்லிக்கொடுப்பார்கள். சட்டத்தின் பார்வையில் பத்து நாளும் பத்து ஆண்டும் ஒன்றுதான். திருமணம் நடந்தது நடந்ததுதான். தளத்தில் இதற்குத் தனித்தனி வாய்ப்புகள் இருக்கின்றன: விவாகரத்தானவர், துணையை இழந்தவர், விவாகரத்துக்குக் காத்திருப்பவர். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது ‘விவாகரத்தானவர்’ என்று போடுவதும் தவறான தகவலே. தீர்ப்பு வந்த மறுநாளே மறுமணத்துக்கு நாள் குறிக்கவும் முடியாது. இந்து திருமணச் சட்டத்தில் மேல்முறையீட்டுக்கு 90 நாள் அவகாசம் இருக்கிறது. மேல்முறையீடு இல்லாமல் அது கடந்த பிறகோ, மேல்முறையீடு தள்ளுபடியான பிறகோதான் மறுமணம் செய்துகொள்ளலாம். விவாகரத்தான வரன் என்றால் தீர்ப்பின் சான்றிட்ட நகலைக் கேட்க வேண்டும், அதில் உள்ள தேதியைப் பார்க்க வேண்டும். பல தளங்கள் பிறந்த தேதியையும் மணநிலையையும் பயனரே பின்னால் மாற்றிக்கொள்ள விடுவதில்லை. ஆவணம் கேட்டுத்தான் மாற்றித் தருகின்றன. அந்தக் கண்டிப்பு பாராட்டத்தக்கது.

மறைத்தே மணம் முடிந்துவிட்டால்? இந்து திருமணச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, ஒருவரைப் பற்றிய முக்கியமான உண்மையை மறைத்து ஏமாற்றிச் சம்மதம் பெற்றிருந்தால், அந்தத் திருமணத்தைச் செல்லாததாக்கக் கோர இடமளிக்கிறது. முந்தைய திருமணத்தை மறைத்ததை நீதிமன்றங்கள் அப்படிப்பட்ட உண்மையாக ஏற்றிருக்கின்றன. சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டிச் சொன்ன எல்லா வழக்கிலும் இதே முடிவு வரும் என்று நம்ப முடியாது. இதற்குக் காலக்கெடுவும் உண்டு. ஏமாற்று தெரியவந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போட வேண்டும். தெரிந்த பிறகும் மனமொப்பிச் சேர்ந்து வாழ்ந்திருந்தால் அந்த உரிமை போய்விடும். முதல் மனைவியோ கணவரோ உயிரோடிருந்து மணமும் முறியாமல் இருந்தால், இரண்டாவது மணம் தொடக்கம் முதலே செல்லாது. அதோடு அது குற்றமும் ஆகும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-ஆவது பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறை, முந்தைய மணத்தை மறைத்துச் செய்திருந்தால் பத்து ஆண்டு வரை.

இப்படி ஒரு மனு நீதிமன்றத்துக்குப் போகும்போது, மாப்பிள்ளை வீட்டார் என்ன சொன்னார்கள் என்பதை நிரூபிக்க வேண்டியது பெண் வீட்டாரின் பொறுப்பு. ‘வாயால சொன்னாங்க’ என்பது அங்கே நிற்காது. தளத்தில் அவர்களே நிரப்பிய பதிவு வலுவான சான்று. ஆனால் பேச்சு முடிந்ததும் பெரும்பாலான குடும்பங்கள் செய்யும் முதல் வேலை, ‘வரன் அமைந்துவிட்டது’ என்று காரணம் காட்டிப் பதிவை நீக்குவது. அதனால், பேச்சு கைகூடும் என்று தோன்றும் நாளிலேயே எதிர்த் தரப்பின் பதிவை மேலிருந்து கீழ்வரை, மணநிலை, வயது, வேலை, சம்பளம், பதிவு எண் எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதியோடு தங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பிவைத்துக்கொள்வது நல்லது. அதே நாளில் தங்கள் மகளின் பதிவையும் ஒருமுறை படித்துப் பார்த்து, அதில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் காகிதம் கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். அவர்களும் இதே ஸ்கிரீன்ஷாட்டை எடுத்து வைத்திருப்பார்கள்.